அட்டவணையும் அட்டையும் ஒத்துப்போகாதபோது தடுப்பூசித் தேதிகளைக் கணக்கிடும் முறை

கேள்வி: என் மகன் 14.03.2025 அன்று பிறந்தான். வாட்ஸாப்பில் வந்த ஒரு தடுப்பூசி அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அதில் 9 மாதத்துக்குக் கீழே உள்ள பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. பி.சி.வி. ஊசிக்கு 6, 10, 14 வாரம் என்று மூன்று டிக் போட்டிருக்கிறது, டைபாய்டும் இருக்கிறது. அரசு அட்டையில் பிறந்த அன்று போட்ட மூன்றும், 30/4/25 அன்று முதல் தவணை முழுவதும், 25/6/25 அன்று பென்டா-2, சொட்டு மருந்து-2, ரோட்டா-2 ஆகியவையும், 6/8/25 அன்று பென்டா-3, சொட்டு மருந்து-3, ரோட்டா-3, ஐ.பி.வி.-2 ஆகியவையும் பதிவாகியுள்ளன. பி.சி.வி.-2 கட்டம் வெறுமையாக இருக்கிறது. 9 மாத வரிசையில் மூன்று கட்டங்களில் 14/12/25 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. தனியார் கிளினிக் புத்தகத்தில் எம்.எம்.ஆர். 20/12/25 என்று ஸ்டிக்கரோடு இருக்கிறது. இன்று 09.02.2026. எது போட வேண்டியது, எது தவறிவிட்டது, எந்தெந்தத் தேதி?

பதில்:

வரும் புதன்கிழமை, 11.02.2026 அன்று, குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் புதன்தான் வழக்கமான தடுப்பூசி நாள். அன்று கேட்க வேண்டியவை மூன்று: நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. ஊசியின் இரண்டாம் தவணை, போலியோவுக்கு எதிரான ஐ.பி.வி. ஊசியின் மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ முதல் தவணை. இவற்றில் உண்மையாகவே தவறிவிட்டது என்று சொல்லத்தக்கது பி.சி.வி. மட்டும்தான். மற்ற இரண்டும் போட வேண்டிய காலத்துக்குள்ளேயே இருக்கின்றன. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். போட்டாகிவிட்டது, அதைத் திரும்பப் போட வேண்டாம். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கீழே விரித்துச் சொல்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் அடுத்த தவணைகளை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது யாருடைய அட்டவணை என்று தெரிய வேண்டும். இந்தியாவில் இரண்டு அட்டவணைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணை, மற்றொன்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வெளியிடுவது. தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் இரண்டாவதைப் பின்பற்றுகின்றன. உங்களிடம் உள்ள படத்தில் பி.சி.வி. 6, 10, 14 வாரம் என மூன்று முறை வருகிறது, டைபாய்டு இருக்கிறது என்ற இரண்டு அடையாளங்களே அது சங்கத்தின் அட்டவணை என்று சொல்லிவிடுகின்றன. அரசு அட்டவணையில் பி.சி.வி. 6 வாரத்திலும் 14 வாரத்திலும் மட்டும் போடப்பட்டு, 9 மாதத்தில் ஊக்கத் தவணை தரப்படுகிறது. டைபாய்டு ஊசி அதில் இல்லை. ஆகவே உங்கள் குழந்தைக்கு 10 வாரத்து பி.சி.வி. விட்டுப்போய்விட்டது என்று நீங்கள் கவலைப்பட்டிருந்தால், அந்தக் கவலை தேவையற்றது. அரசு முறையில் அப்படியொரு தவணையே கிடையாது. எந்த முறையில் தொடங்கினார்களோ அந்த முறையின் அட்டவணையை வைத்துத்தான் பாக்கியைக் கணக்கிட வேண்டும்.

படத்தின் அமைப்பால் நேரும் குழப்பம் இன்னொன்றும் உண்டு. சங்கத்தின் அட்டவணையில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான ஊசி ஒரு வரிசையிலும், ஹிப் என்ற கிருமிக்கான ஊசி இன்னொரு வரிசையிலும், ஹெபடைடிஸ் பி வேறொரு வரிசையிலும் தனித்தனியாகக் காட்டப்படும். அரசு அட்டையிலோ பென்டா என்று ஒரே கட்டம்தான் இருக்கும், ஏனென்றால் இந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். எனவே அட்டையில் பென்டா-1 என்று ஒரு பதிவு இருந்தால், படத்தில் மூன்று வரிசைகளில் உள்ள 6 வாரக் கட்டங்களும் நிரம்பிவிட்டதாகக் கொள்ள வேண்டும். வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஹெபடைடிஸ் ஊசி மூன்றும் போடவே இல்லை என்று பதறி வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு அட்டவணையின் படமே கையில் இருந்தாலும் அது எந்தக் காலத்தது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பழைய படங்கள் வாட்ஸாப்பில் சாவதே இல்லை. 6 வார வரிசையில் பென்டாவுக்குப் பதில், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மட்டும் அடங்கிய டி.பி.டி. என்று இருந்தால் அது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 2011-க்கு முந்தியது. 9 மாதத்தில் ரூபெல்லா இல்லாமல் தட்டம்மை மட்டும் இருந்தால் 2017-க்கு முந்தியது. பி.சி.வி. இல்லையென்றால் 2021-க்கு முந்தியது. 9 மாதத்தில் ஐ.பி.வி. மூன்றாம் தவணை இல்லையென்றால் 2023-க்கு முந்தியது. இந்தக் கடைசி மாற்றம்தான் இன்றைக்கு அதிகம் ஏமாற்றுவது. படத்தில் ஐ.பி.வி. இரண்டோடு முடிந்துவிடுவதால், மூன்றாவது தவணை பாக்கி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இனி அட்டைக்கு வருவோம். 9 மாத வரிசையில் பென்சிலில் எழுதியிருக்கும் 14/12/25 என்பது ஊசி போட்ட தேதி அல்ல என்பது என் முடிவு. குழந்தை 14.03.2025 அன்று பிறந்தது. சரியாக 9 மாதம் நிறைவடையும் நாள் 14.12.2025. அதாவது ஆகஸ்ட் மாதம் மூன்றாம் தவணை போட்ட அன்றே, செவிலியர் அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணக்கிட்டு எழுதிக் கொடுத்த நாள் அது. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அட்டையின் மற்ற பதிவுகளான 30.04.2025, 25.06.2025, 06.08.2025 ஆகிய மூன்றும் புதன்கிழமைகள். ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசிப் பதிவு ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், அது கணக்கிட்டு எழுதிய தேதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதோடு, அதே வரிசையில் தட்டம்மை-ரூபெல்லா கட்டத்திலும் 14/12/25 என்று இருக்கிறது. அன்றே அந்த ஊசி போட்டிருந்தால் ஆறு நாள் கழித்து 20.12.2025 அன்று தனியார் கிளினிக்கில் எம்.எம்.ஆர். போட்டிருக்க மாட்டார்கள்.

பொதுவாக, போட்டதற்கான பதிவில் பேனா மையில் எழுதிய தேதியோடு கையொப்பமோ, தொகுதி எண்ணோ, மருந்துக் குப்பியிலிருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கரோ ஏதேனும் ஒன்று இருக்கும். வர வேண்டிய தேதிக்கு அவை இருக்காது. தனியார் கிளினிக் புத்தகங்களில் ‘போட வேண்டிய நாள்’, ‘போட்ட நாள்’ என்று இரண்டு பத்திகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் வருகையின்போதே முதல் பத்தியை ஐந்து வயது வரைக்கும் ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பத்தியைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

6/8/25 என்பதையும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். நம் வழக்கத்தில் அது ஆகஸ்ட் 6. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க முறையில் படித்தால் ஜூன் 8 ஆகிவிடும். ஜூன் 8 என்றால், மூன்றாம் தவணை இரண்டாம் தவணைக்கு முன்பே போட்டதாகிவிடும், அது நடக்க முடியாது. தவிர 08.06.2025 ஞாயிற்றுக்கிழமை, 06.08.2025 புதன்கிழமை. அட்டையைப் படிக்கும்போது இந்த ஐயம் பெரும்பாலும் எழாது. ஆனால் இதே தேதிகளைக் கைப்பேசியிலோ கணினியிலோ ஏற்றும்போது நமக்குத் தெரியாமலே நாளும் மாதமும் இடம் மாறிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெறுமையாக உள்ள பி.சி.வி.-2 கட்டத்தைப் பற்றி நான் ஊகிக்க மாட்டேன். போட்டுவிட்டு எழுத மறந்திருக்கலாம், அன்று மருந்து இருப்பில் இல்லாமலும் போயிருக்கலாம். இதற்கு விடை உங்கள் வீட்டில் இல்லை. சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ளும் அட்டையின் அடிக்கட்டை, கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, யூ-வின் என்ற அரசுத் தடுப்பூசித் தளத்துப் பதிவு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில் இருக்கும். புதன்கிழமை போனதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எங்குமே பதிவு இல்லையென்றால் போடவில்லை என்றே கொள்வது மருத்துவ வழக்கம். ‘அன்றைக்குத் தொடையில் இரண்டு ஊசி போட்ட மாதிரி ஞாபகம்’ என்பது பதிவாகாது.

தேதி கணக்கிடும் முறைக்கு வருகிறேன். ஒரு தவணைக்கு உரிய நாளை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று குழந்தையின் வயது, மற்றொன்று முந்தைய தவணையிலிருந்து கடந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, எது பின்னால் வருகிறதோ அதையே உரிய நாளாகக் கொள்ள வேண்டும். அட்டவணைப் படத்தில் வயது மட்டும்தான் இருக்கும். இடைவெளி பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். பென்டா, ரோட்டா, சொட்டு மருந்து ஆகியவற்றுக்கு இடைவெளி நான்கு வாரம், அதாவது 28 நாள். ஐ.பி.வி. முதல் இரண்டு தவணைகளுக்கும் பி.சி.வி. தவணைகளுக்கும் எட்டு வாரம், அதாவது 56 நாள்.

வயதுத் தேதிகளை முதலில் எழுதிவிடுவோம். பிறந்த நாளோடு 42 நாள் கூட்டினால் 6 வாரம், 25.04.2025. 70 நாள் கூட்டினால் 10 வாரம், 23.05.2025. 98 நாள் கூட்டினால் 14 வாரம், 20.06.2025. இவை மூன்றும் வெள்ளிக்கிழமைகள், குழந்தை பிறந்ததும் வெள்ளிக்கிழமை. வாரக் கணக்கில் வரும் தேதி பிறந்த கிழமையிலேயே விழ வேண்டும், விழவில்லையென்றால் எங்கோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்று அர்த்தம். இதைவிட எளிய சரிபார்ப்பு எனக்குத் தெரியாது. வாரத்தை மாதமாக மாற்றிச் சொல்லும் பழக்கத்தால்தான் இந்தப் பிசகு பெரும்பாலும் வருகிறது. 14 வாரத்தை மூன்றரை மாதம் என்கிறோம். மூன்றரை மாதம் என்று எண்ணினால் உங்கள் குழந்தைக்கு ஜூன் 29-ஐ ஒட்டி வரும், உண்மையான 14 வாரமோ ஜூன் 20. ஒன்பது நாள் தள்ளிப் போடுவதால் பெரிய கேடு இல்லை என்றாலும், வாரமாகத் தந்திருப்பதை வாரமாகவும் மாதமாகத் தந்திருப்பதை மாதமாகவும் எண்ணுவதே சரி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எண்ணிக்கை பொதுவாக உண்மையாகப் பிறந்த நாளிலிருந்துதான், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அல்ல.

இப்போது உங்கள் அட்டையின் பென்டாவை எடுத்துக்கொள்வோம். முதல் தவணை 25.04.2025-க்குப் பின் வந்த முதல் புதனிலேயே, 30.04.2025 அன்று போட்டாகிவிட்டது. இரண்டாவதற்கு வயதுத் தேதி 23.05.2025, இடைவெளித் தேதி 30.04.2025-லிருந்து 28 நாள், அதாவது 28.05.2025. பின்னால் வருவது இரண்டாவது, ஆகவே உரிய நாள் 28.05.2025. போட்டது 25.06.2025, நான்கு வாரத் தாமதம். மூன்றாவதற்கு வயதுத் தேதி 20.06.2025. ஆனால் இரண்டாம் தவணையே அதற்குப் பிறகுதான் போடப்பட்டிருக்கிறது, அதனால் அந்தத் தேதிக்கு இனி மதிப்பில்லை. 25.06.2025-லிருந்து 28 நாள் கூட்டினால் 23.07.2025. அதுவே உரிய நாள். 06.08.2025 அன்று போட்டிருப்பதால் தாமதம் இரண்டே வாரம். அட்டவணையின் 20.06.2025-ஐ மட்டும் வைத்துப் பார்த்தவர் ஏறத்தாழ ஏழு வாரத் தாமதம் என்று சொல்லியிருப்பார். தாமதமானாலும் தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். பென்டா, ரோட்டா, சொட்டு மருந்து ஆகிய மூன்றும் உங்கள் குழந்தைக்கு இப்போதைக்கு முடிந்துவிட்டன.

பி.சி.வி.-2 சற்று கவனமாகப் பார்க்க வேண்டியது. வயதுத் தேதி 20.06.2025. முதல் தவணை 30.04.2025 அன்று போட்டதால், 56 நாள் இடைவெளி 25.06.2025 அன்று நிறைவடைகிறது. உரிய நாள் 25.06.2025. அந்தத் தேதி உங்கள் அட்டையில் ஏற்கெனவே இருப்பதைக் கவனியுங்கள். பென்டா-2 போட நீங்கள் போன அதே நாள்தான் அது. அன்று குழந்தைக்கு 14 வாரம் தாண்டி ஐந்து நாள் ஆகியிருந்தது, எட்டு வார இடைவெளியும் சரியாக நிறைந்திருந்தது. பி.சி.வி.-2-வும் ஐ.பி.வி.-2-வும் அன்றே போட்டிருக்கலாம். இரண்டாவது வருகை என்பதால் அட்டையின் இரண்டாவது வரிசையில் உள்ளதை மட்டும் பார்த்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கூட்டம் நெருக்கும் புதன்கிழமையில் இது நடப்பதுதான், யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. தாமதமாகப் போகும் வருகைகளில் வரிசையைப் பார்க்காமல் தேதியைப் பார்த்தால் ஒரே வருகையில் இரண்டு வரிசைகளின் ஊசிகள் முடிந்துவிடும் என்பதற்காகவே இதைக் காட்டினேன். ஆக, பதிவேட்டிலும் இல்லையென்றால், பி.சி.வி.-2 இன்றைக்கு ஏழரை மாதமாகத் தவறி நிற்கிறது.

இதனால் ஊக்கத் தவணையின் தேதியும் நகர்ந்துவிடுகிறது. அட்டவணைப்படி அது 14.12.2025. ஆனால் இரண்டாம் தவணையே போடாதபோது அந்தத் தேதியை வைத்துக்கொண்டு ஊக்கத் தவணையும் தவறிவிட்டது என்று கணக்கெழுதுவது தவறு. 11.02.2026 அன்று இரண்டாம் தவணை போட்டால் அதிலிருந்து 56 நாள், அதாவது 08.04.2026, ஊக்கத் தவணைக்கு உரிய நாள். அதுவும் புதன்கிழமையே. அதற்குள் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிடுமே என்று கேட்பீர்கள். அரசு முறையில் பி.சி.வி. முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியிருந்தால், மீதியை அதற்குப் பிறகும் போட்டு முடிக்கலாம். மாறாக, அடிக்கட்டையிலோ பதிவேட்டிலோ பி.சி.வி.-2, 06.08.2025 அன்று போட்டதாகத் தெரியவந்தால் கணக்கு மாறும். அப்போது 11.02.2026 அன்று கேட்க வேண்டியது ஊக்கத் தவணையைத்தான். வயது 9 மாதம் கடந்துவிட்டது, எட்டு வாரமும் எப்போதோ கடந்துவிட்டது, ஏப்ரல் வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் பதிவேட்டைப் பார்ப்பதை முதலில் வைத்தேன்.

ஐ.பி.வி.-3 உரிய நாள் 14.12.2025. ஆனால் அதை நான் தவறியது என்று சொல்லவில்லை. அட்டவணையில் 9 மாத வரிசை ஒற்றை நாளாக இல்லை, 9 மாதம் நிறைந்ததிலிருந்து 12 மாதம் வரை என்று ஒரு கால அளவாகத் தரப்பட்டுள்ளது. உங்கள் குழந்தைக்கு அந்தக் காலம் 14.03.2026 அன்றுதான் முடிகிறது. இன்று குழந்தைக்கு வயது 10 மாதம் 26 நாள். வைட்டமின் ஏ திரவத்துக்கும் இதே கணக்குத்தான். அரசு நிலையத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு சேர்த்து முதல் தவணையாக ஒரு மில்லி தருவார்கள். நீங்கள் அந்த ஊசியைத் தனியாரிடம் போட்டுக்கொண்டதால் இது உங்களுக்கு விடுபட்டிருக்கலாம்.

எம்.எம்.ஆர். பற்றி ஒரு சொல். அதில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டும் அடங்கியிருப்பதால், 9 மாதம் நிறைந்தபின் போட்ட அந்த ஊசி அரசு அட்டையில் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணைக்கான எம்.ஆர்.-1 கட்டத்தை நிரப்பிவிடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தைச் செவிலியரிடம் காட்டி அட்டையிலும் யூ-வின்னிலும் ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் குழந்தையின் பெயர் பாக்கிப் பட்டியலிலேயே இருந்து, வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வெற்றுக் கட்டம் எல்லாமே பாக்கி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அட்டையில் இந்தச் சிக்கல் இல்லை, உறவினர் குழந்தைகளின் அட்டையைப் பார்க்கும்போது பயன்படும். பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி தவணை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே, பூஜ்யத் தவணைச் சொட்டு மருந்து 15 நாளுக்குள் மட்டுமே. அந்தக் காலம் போனபின் அக்கட்டங்கள் காலியாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான், அடுத்த வரிசைகள் வழக்கம்போல் தொடரும். பி.சி.ஜி. ஒரு வயது வரை போடலாம். பென்டாவும் ரோட்டாவும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருந்தால் முடிக்கலாம். ஒரு வயது வரை பென்டா தொடங்கவே இல்லையென்றால் அதற்குப் பதிலாக டி.பி.டி. போடுவார்கள். தட்டம்மை-ரூபெல்லாவுக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் ஐந்து வயது வரை இடமுண்டு.

இனி வருபவை 16 மாதத்து வரிசை. குழந்தைக்கு 14.07.2026, செவ்வாய்க்கிழமை அன்று 16 மாதம் நிறைகிறது. அடுத்த நாளே புதன். டி.பி.டி. முதல் ஊக்கத் தவணைக்கு பென்டா-3-லிருந்து ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், 06.02.2026-லேயே அது கடந்துவிட்டது. எனவே வயதுத் தேதியே செல்லும். அன்று டி.பி.டி. ஊக்கத் தவணை, சொட்டு மருந்து ஊக்கத் தவணை, எம்.ஆர்.-2, வைட்டமின் ஏ இரண்டாம் தவணை ஆகியவை வரும். இந்த வரிசைக்கான காலம் 24 மாதம் வரை, அதாவது 14.03.2027 வரை. கிளினிக் புத்தகத்தில் எம்.எம்.ஆர். இரண்டாம் தவணை 15 மாதத்தில் என்று எழுதியிருப்பார்கள். அங்கே போட்டுக்கொண்டால் அதுவே எம்.ஆர்.-2 கட்டத்தையும் நிரப்பிவிடும், இரண்டு இடத்திலும் போட வேண்டியதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி விழுப்புரம், கடலூர் போன்ற குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டும் 9 மாதத்திலும் 16 மாதத்திலும் தரப்படுகிறது. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று புதனன்று செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் அதன் முதல் தவணையும் உங்களுக்குப் பாக்கி இருக்கிறது.

கையால் எண்ணுவது அலுப்பாக இருந்தால் கைப்பேசியில் உள்ள விரிதாளே போதும். பி.சி.வி.-2 கணக்கை இப்படி எழுதலாம்:

```
B1  =DATE(2025,3,14)
B2  =B1+98
B3  =DATE(2025,4,30)+56
B4  =MAX(B2,B3)
B5  =EDATE(B1,9)
```

B1 பிறந்த நாள், B2 வயதுத் தேதி, B3 இடைவெளித் தேதி. B4-இல் வருவதே உரிய நாள், 25.06.2025. B5 மாதக் கணக்குக்கான எடுத்துக்காட்டு, 9 மாதம் நிறையும் நாளைத் தரும். B4-இல் தேதிக்குப் பதில் 45833 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும். தேதிகளை 6/8/25 என்று தட்டச்சு செய்யாமல் DATE வழியாக எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. விரிதாளின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், 6/8/25 என்பதை அது சத்தமில்லாமல் ஜூன் 8 ஆக்கிவிடும். 30/4/25 போன்றவற்றில் 30 என்ற மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கி நின்றால் இந்தக் கோளாறு நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

புதனன்று அரசு அட்டையையும் கிளினிக் புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் தேவையில்லை. இடைவெளிகளைப் பொறுத்தவரை அங்குள்ள செவிலியர் அல்லது மருத்துவ அலுவலர் சொல்வதே முடிவு. குழந்தைக்கு வேறு உடல்நலக் காரணம் ஏதும் இருந்தால் அவர்கள் தேதியை மாற்றக்கூடும். பி.சி.வி.-2-வும் ஐ.பி.வி.-3-யும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் போடலாம், ஒன்றை இன்னொரு வாரத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. போட்டு முடித்ததும், அட்டையை வாங்கிப் பையில் வைப்பதற்கு முன்னால், பி.சி.வி.-2 கட்டத்தில் தேதியும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 9 மாத வரிசையில் ஐ.பி.வி. கட்டத்தில் உள்ள பென்சில் தேதி அழிக்கப்பட்டு 11/2/26 என்று பேனாவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பி.சி.வி. ஊக்கத் தவணைக் கட்டத்தில் பென்சில் 14/12/25 இருந்த இடத்தில் பென்சிலிலேயே 8/4/26 என்று வந்திருக்க வேண்டும்.